இரவு 9 மணிக்கு "பொன் நுய்" சொல்லலாமா?

பாரிஸ்தம்பி: பாரிசில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறேன். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பியவர்களிடம் "பொன் நுய்" என்றேன். "இப்பவே படுக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார்கள். இரவில் நல்லிரவு சொன்னால் என்ன பிழை?

கணியன்: பிழையே இல்லை. இருட்டிவிட்டால் இரவுதான். நான் ஸ்பெயினில், மத்ரித்தில் இருந்தவன். அங்கே இருட்டிய பிறகு கடைக்குள் நுழையும்போதே "புவெனாஸ் நோச்சேஸ்", நல்லிரவு, என்பார்கள். பிரெஞ்சும் அதே குடும்பத்து மொழிதானே.

மாலதி: குடும்பம் ஒன்றுதான், பழக்கம் வேறு. பிரெஞ்சில் "பொன் நுய்" படுக்கப் போகிறவருக்கு. உணவகத்தில் வருகிறவருக்கு "பொன்சுவார்", அதாவது மாலை வணக்கம்; போகிறவருக்கு "பொன் சுவாரே", மாலை நல்லபடி போகட்டும் என்று. அவர்களுக்கு அந்த மாலை இன்னும் முடியவில்லை, தம்பி.

கணியன்: சரி, 10 மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாமே.

மாலதி: மணியை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஜூன் மாதம் பாரிசில் 10 மணி நெருங்கும்போதுதான் சூரியன் மறையும். ஆனாலும் 8 மணிக்குப் படுக்கப் போகும் குழந்தைக்கு, வெளியே வெளிச்சம் இருக்கும்போதே, "பொன் நுய்" சொல்வார்கள். இன்னொன்று: நண்பர் வீட்டு விருந்தில் இரவு 11.30க்கு நீங்கள் மட்டும் கிளம்புகிறீர்கள், மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு "பொன் ஃபான் த சுவாரே", மிச்ச மாலை நல்லபடி போகட்டும் என்று. அன்று அங்கேயே தங்குவதாக இருந்தால், அறைக்குப் போகும்முன் "பொன் நுய்". நேரம் ஒன்று, வார்த்தை இரண்டு.

கணியன்: ஸ்பானிய மொழியில் இந்தத் தொல்லையே இல்லை. வந்தாலும் போனாலும் ஒரே வார்த்தை.

மாலதி: அங்கும் பிரிவு உண்டு, வேறிடத்தில். படுக்கப் போகிறவரிடம் "கே தெஸ்கான்செஸ்", நன்றாக ஓய்வெடு, என்று சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்களே? அதைக் கடைக்குள் நுழையும்போது சொல்லிப் பாருங்கள்.

கணியன்: அது உண்மைதான். ஆனால் கோடையில் 8 மணிக்கும் "புவெனாஸ் தார்தேஸ்", பிற்பகல் வணக்கம், என்பார்கள், வெளிச்சம் இருக்கிறதே. இருட்டு கணக்கில் வருகிறது என்று நான் சொன்னது அங்கே நிற்கும்.

வள்ளி: டிரினிடாடுக்குப் போனபோது ராத்திரி வீட்டு வாசலுக்கு வந்தவர் "குட் நைட்" என்றார். வந்தவுடனே போகிறாரே என்று நின்றேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே ஆங்கிலத்திலேயே அது வரவேற்புதான். அப்புறம், நம் தமிழில் "இரவு வணக்கம்" வந்ததும் சொல்வதா, போகும்போதா? எங்கள் வீட்டில் "போய்ப் படு" மட்டும்தான்.

பாரிஸ்தம்பி: நன்றி அக்கா. இனி "பொன் சுவாரே"தான். ஆனால் பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி விடியும்வரை வேலையில் இருப்பார். கடை பூட்டிப் போகும்போது அவருக்கு?

மாலதி: "பொன் குராஜ்", தெம்பாக வேலை செய்யுங்கள், என்று சொல்லுங்கள். தூங்காதவருக்கு "பொன் நுய்" எனக்குச் சரியாகப்படவில்லை.

கணியன்: எனக்குப் படுகிறது. அவருக்கும் இரவு நல்லபடி கழியத்தானே வேண்டும்.