ஹைலைட் வீடியோ: மெயிலில் கொடுத்த நேரம் போகப்போகத் தள்ளிப்போகிறது

வணக்கம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எங்கள் சிலம்பப் பிள்ளைகளின் ஆண்டு விழா நடத்தினோம். ஒரே கேமரா, நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரப் பதிவு. லேப்டாப்பில் ஓடவிட்டு, ஓரத்தில் தெரிந்த நேரத்தைக் குறித்து எடிட்டர் தம்பிக்கு மெயில் அனுப்பினேன். "தீப்பந்தம்: தொடக்கம் 01:00:10, முடிவு 01:00:22" என்பது போல எட்டுத் துண்டுகள்.

வந்த வீடியோவில் பத்தாவது நிமிடத் துண்டு கிட்டத்தட்டச் சரி. தீப்பந்தமோ மூன்றரை விநாடி தாமதமாகத் தொடங்குகிறது. அந்தச் சிறுமி பந்தத்தைப் பற்றவைக்கும் கணமே காணோம், மனசே ஆறவில்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் தொடக்கப் புள்ளிதான் வேறு என்று நினைத்திருப்பேன். இது நேரம் ஆக ஆகக் கூடுகிறது.

விசாரித்தேன். பதிவு விநாடிக்கு 29.97 ஃபிரேம். தம்பியின் டைம்லைன் நான்-டிராப் முறையில் 30 ஃபிரேமை ஒரு விநாடியாக எண்ணுகிறதாம். அதனால் டைம்லைன் காட்டும் நேரம் உண்மை நேரத்தைவிட மணிக்கு 3.6 விநாடி பின்தங்கும், கணக்கு ஒத்துவருகிறது.

இப்போது டைம்லைனை டிராப் ஃபிரேமுக்கு மாற்றினால் என் மெயில் அப்படியே பொருந்துமா? இல்லை, படத்திலேயே டைம்கோடு பதிந்த பிரதி வாங்கி, எட்டையும் மறுபடி குறிப்பதுதான் சரியா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.