8 லட்சம் கேட்டேன், 4.5 லட்சம்தான் கிடைத்தது

கோவில்பட்டி மளிகை
கடைச் சரக்குக்காக சிசி லிமிட் 8 லட்சம் கேட்டு வங்கிக்குப் போயிருந்தேன். ஆடிட்டர் போட்டுக் கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஐடி ரிட்டர்ன், உத்யம் சான்றிதழ் எல்லாம் இருந்தது. ஆபீசர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கடன் தொகையை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் விற்பனையை எழுதினீங்களா?" எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடைக்கும் வந்து பார்த்தார், கடைசியில் 4.5 லட்சம் போட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்னும் புரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ரிட்டையர்டு ஃபீல்டு ஆபீசர்
நடந்திருக்கிறது தம்பி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் அடுத்த வருட விற்பனை 40 லட்சம் என்று இருந்திருக்குமே? சின்னத் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் போடும்போது, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று வைத்து, 20 வங்கி கொடுக்கும், 5 நீங்கள் போட வேண்டும். 40 லட்சத்தில் 20 சதவீதம் சரியாக 8 லட்சம். வட்டக் கணக்காக வந்தாலே பின்பக்கமிருந்து போட்ட கணக்கு என்று சந்தேகம் வரும். ரிட்டர்னில் போன வருட விற்பனை எவ்வளவு?

கோவில்பட்டி மளிகை
18 லட்சம் சார். அந்த 40 ஆடிட்டர் போட்டதுதான்.

ரிட்டையர்டு ஃபீல்டு ஆபீசர்
சரியாய்ப் போச்சு. 18 லட்சம் என்றால் நாளுக்கு ஐயாயிரம் ரூபாய் வியாபாரம், 40 என்றால் பதினோராயிரம். அதே கடை, அதே தெரு, புதுக் கிளையோ ஓட்டல் சப்ளையோ எதுவும் ரிப்போர்ட்டில் இல்லாமல் விற்பனை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் யார் நம்புவார்? 25 சதவீத வளர்ச்சியை ஒத்துக்கொண்டிருப்பார், 22.5 லட்சம், அதில் 20 சதவீதம்தான் உங்கள் 4.5. கடைக்கு வந்தது சும்மா இல்லை. அரை மணி நேரம் நின்றால் எத்தனை பேர் வருகிறார்கள், அலமாரியில் இருக்கும் சரக்கு ரிப்போர்ட்டில் காட்டிய ஸ்டாக்கோடு ஒத்துப்போகிறதா, முன்வரிசைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா, எல்லாம் பார்ப்போம். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சேலம் பையன்
இதெல்லாம் ஃபார்மாலிட்டி அண்ணே. சிபில் 750க்கு மேல இருந்தா கேட்டது கிடைக்கும். எனக்கு பைக் லோன் பத்து நிமிஷத்துல வந்துச்சு.

ரிட்டையர்டு ஃபீல்டு ஆபீசர்
பைக் கடனுக்கு அது ஓரளவு சரி தம்பி. தொழில் கடனில் ஸ்கோர் உள்ளே விடும் வாசல், அவ்வளவுதான். பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று சொல்லும், கடை எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. ஸ்கோரைவிட நாங்கள் உற்றுப் பார்ப்பது சிபில் அறிக்கையின் உள்பக்கங்களை: யாருக்காவது ஜாமீன் நின்றது, ஒரே மாதத்தில் நாலு இடத்தில் கடன் கேட்டது. வீட்டில் அம்மா பெயரில் குழுக் கடன் இருந்தால் அதன் தவணையும் அதே கல்லாவிலிருந்துதான் போகும், அதையும் கழித்துத்தான் பார்ப்போம்.

தையல் யூனிட் அக்கா
நான் பிஎம்இஜிபியில போடலாம்னு இருக்கேன். மானியம் கைக்கு எப்ப வரும்? மெஷின் கொட்டேஷன் எங்க சித்தப்பா பையன் கடையிலயே வாங்கிட்டேன்.

ரிட்டையர்டு ஃபீல்டு ஆபீசர்
கைக்கு வராதும்மா, உங்கள் பெயரில் டெபாசிட்டாக வங்கியிலேயே 3 வருடம் இருந்து, அப்புறம் கடனில் கழியும். கொட்டேஷன்தான் கவலை. ஜிஎஸ்டி எண் இல்லாமல், விலையும் சந்தையைவிட ஏறுமாறாக இருந்தால் ஆபீசர் அந்தக் கடைக்கே போன் போடுவார். மெஷின் பணம் கடைக்காரர் கணக்குக்குத்தான் நேராகப் போகும், அது திரும்ப உங்கள் கைக்கு வரும் ஏற்பாடோ என்றுதான் முதலில் தோன்றும். நேர்மையான வியாபாரமாகவே இருந்தாலும் வெளியில் இன்னும் இரண்டு கொட்டேஷன் வாங்கி வையுங்கள்.

விருதுநகர் எண்ணெய்க் கடை
என் கதை வேறு. அப்ளிகேஷன் போடுவதற்கு முந்தின வாரம் கணக்கில் 2 லட்சம் கட்டச் சொன்னார் ஒரு ஏஜென்ட். ஆபீசர் 12 மாத ஸ்டேட்மென்டைப் பார்த்து அந்த வரியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார், அதோடு சரி, ஃபைல் நகரவேயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் சார், நாங்கள் கல்லாப் பணத்தை அப்படியே மண்டிக்காரரிடம் கொடுத்துச் சரக்கு எடுக்கிறோம், அவர் தருவது துண்டுச் சீட்டு. கணக்கில் வியாபாரம் எப்படித் தெரியும்?

கோவில்பட்டி மளிகை
எனக்கும் அதேதான். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் மச்சான் கணக்குக்குப் போகிறது. அந்த ஸ்டேட்மென்டையும் சேர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

ரிட்டையர்டு ஃபீல்டு ஆபீசர்
நான் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அது அவர் வருமானம் என்று நாளைக்கு அவரே சொல்லலாம். கியூஆரைக் கடையின் கரண்ட் அக்கவுண்டுக்கு மாற்றுங்கள், சிசி வருடா வருடம் ரினியூவலுக்கு வரும்போது லிமிட்டைக் கூட்டிக் கேட்கலாம்.

விருதுநகர் எண்ணெய்க் கடை
எங்கள் ஊரில் ஒரு மேனேஜர், கடைக்காரருடைய மகன் கணக்கை ஏற்றுக்கொண்டார் சார், ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு. ஆளுக்கு ஆள் மாறுகிறது. மண்டிச் சீட்டுக்குத்தான் வழி தெரியவில்லை, பில் கேட்டால் ரேட் ஏற்றுகிறார்.