தமிழ்க் கியூவில் வேலை பார்த்தவர்கள் வாருங்கள்: சத்தம், சம்பளம், ஷிப்ட் முடிந்த பிறகு

ஈசூன் வாசுகி

சமூக ஊடகத் தளங்களுக்குத் தமிழ் வீடியோ பரிசோதிக்கும் வேலைக்குப் போகலாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். சிங்கப்பூரில் ஓர் ஒப்பந்த நிறுவனம் வழியாக நான் அந்த வேலையில் இருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். நான் பார்த்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

யாராவது புகார் செய்த வீடியோவும், கணினி சந்தேகப்பட்ட வீடியோவும் மொழிவாரியாகப் பிரிந்து நம் கியூவுக்கு வரும். தமிழ்க் கியூ என்றால் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் கலந்துதான். ஒரு வீடியோவுக்குச் சராசரியாக இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. நாம் எடுத்த முடிவுகளில் ஒரு பகுதியை க்யூஏ ஆட்கள் திரும்பப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

ரத்தம் வரும், பார்க்க முடியுமா என்றுதான் நேர்காணலில் கேட்டார்கள். என்னைத் தாக்கியது ரத்தம் இல்லை, சத்தம். தெரியாத மொழியில் ஒருவர் அலறினால் அது அலறல், அவ்வளவுதான். தமிழில் ஒரு குழந்தை "வேணாம்மா, இனிமே செய்ய மாட்டேன்மா" என்று கெஞ்சினால் ஒவ்வொரு சொல்லும் புரியும். அது அங்கேயே விட்டுவிட்டு வருகிற விஷயம் இல்லை.

ஒரு வீடியோவைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் குழந்தையை அடிக்கிறார், இன்னொருவர் போனில் எடுக்கிறார். மேலே "போலீஸ் கண்ணில் படும்வரை பகிருங்கள்" என்று எழுதியிருந்தது. நான் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு அந்த வரியைப் படித்தேன். பிறகு வீடியோவை ஓட்டாமல், அதைச் சின்னச் சின்னப் படங்களாகப் பிரித்துக் காட்டும் பலகையைக் கறுப்பு வெள்ளையில் திறந்தேன். அடி விழுவது அதிலேயே தெரிந்தது. போட்டவர் ரசித்துப் போடவில்லை, கண்டித்துப் போட்டிருக்கிறார் என்பதை எழுத்து சொல்லிவிட்டது. தளத்தின் விதிப்படி முடிவெடுக்க இதுவே போதும்.

ஆனால் ஒரு கேள்வி மீதி இருந்தது. இந்தக் குழந்தை இப்போதும் ஆபத்தில் இருக்கிறதா, எந்த ஊர்? தானாக எழுத்தாகும் வசதி வட்டாரத் தமிழைக் குதறி வைத்திருந்தது. அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, ஒலியைக் குறைத்து, பெரியவர்கள் பேசும் பகுதியை மட்டும் கேட்டேன். ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர் விழுந்தது. அதைக் குறித்து அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அதன் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நம் மட்டத்துக்குப் பதில் திரும்பி வராது. இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அதுதான்.

அப்புறம் அதே வீடியோ திரும்பத் திரும்ப வந்தது. அச்சு அசலான நகலைக் கணினியே பிடித்துவிடும். ஓரத்தை வெட்டி, இடம் வலம் மாற்றி, சோகப் பாட்டு சேர்த்துப் போட்டால் பல நேரம் அது மனிதரிடம்தான் வருகிறது. இரண்டாவது தடவை வந்ததுமே டீம் லீடரிடம் சொல்லி, அந்த மாறிய நகலையும் பொருத்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ் குமார்

அக்கா, எனக்கும் இந்த வேலை டெலிகிராமில் வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி என்கிறார்கள். அடுத்த கட்டத்துக்குப் போக நான் முதலில் 200 வெள்ளி கட்ட வேண்டுமாம். நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள்?

ஈசூன் வாசுகி

தம்பி, நான் சொல்லும் வேலை அது இல்லை. அது மோசடி. கட்டாதீர்கள், ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 1799-க்குப் போன் செய்து கேளுங்கள். உண்மையான வேலையில் நேர்காணல் உண்டு, தமிழ்ப் பரீட்சை உண்டு, ஒப்பந்தம் உண்டு. நம்மிடம் யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

தெம்பனிஸ் சுரேஷ்

சம்பளம் பற்றி ஒன்று. எனக்குத் தெரிந்த ஒப்பந்த நிறுவனங்களில் தமிழுக்கு மாதம் 2,500 முதல் 3,500 வெள்ளிக்குள்தான் பேசுகிறார்கள். தளத்திலேயே நேரடியாகச் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல். ஒரு எச்சரிக்கை: அடிப்படைச் சம்பளம் 2,600 தாண்டினால் வேலை நியமனச் சட்டம் நமக்குப் பொருந்தாது. கூடுதல் நேர வேலைக்கான ஓடி சம்பளம் கிடையாது, எம்சி கிடையாது, எல்லாம் முதலாளி மனசு.

இன்னொன்று, வீடியோ பார்த்து பிடிஎஸ்டி என்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு வராது என்று மருத்துவக் கையேட்டிலேயே இருக்கிறது. டிவி, படம் வழியாகப் பார்த்தது கணக்கில் வராது. பயமுறுத்தாதீர்கள்.

செங்காங் பேரோல் ராணி

சுரேஷ் அண்ணே, பாதி சரி. 2,600 என்ற வரம்பு அந்தச் சட்டத்தின் நான்காம் பாகத்துக்கு மட்டும்தான். ஓடி, வேலை நேரம், ஓய்வு நாள் எல்லாம் அதில் வரும். உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கு அந்த வரம்பு 4,500, நம்மைப் போல மேசை வேலைக்கு 2,600. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, பொது விடுமுறை போன்றவை சம்பளம் எவ்வளவு ஆனாலும் உண்டு. 2019 ஏப்ரலில் இருந்து அப்படித்தான். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருஷத்தில் 14 நாள் வெளிநோயாளி விடுப்பு.

வரம்பு அடிப்படைச் சம்பளத்துக்குத்தான், படிகள் அதில் சேராது. ஒருவருக்கு அடிப்படை 2,550, மொழிப்படியும் ஷிப்ட் படியும் சேர்த்து 450, மொத்தம் 3,000 என்று வையுங்கள். அவருக்கு ஓடி உரிமை உண்டு. 2,550-ஐ 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 13.37 வெள்ளி, ஓடிக்கு ஒன்றரை மடங்கு, சுமார் 20 வெள்ளி. பக்கத்தில் இருப்பவருக்கு முழு 3,000-மும் அடிப்படை. ஷிப்ட் நீண்டால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் அவருக்கு. ஆனால் போனஸை அடிப்படையில் கணக்கிடும் இடமாக இருந்தால் அவருக்கு லாபம். எது நல்லது என்று ஒரே பதில் இல்லை, கியூ எவ்வளவு அடிக்கடி நீள்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கைக்கு வருவது: 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரருக்கு 3,000-இல் சிபிஎஃப் 20 விழுக்காடு, 600 போகும். சிண்டாவுக்கு 7 வெள்ளி. மீதி 2,393. ஷிப்ட் படிக்கும் சிபிஎஃப் உண்டு, அது விடுபட்டிருந்தால் கேளுங்கள்.

ஜொகூர் பிரபா

நான் எஸ் பாஸில் இருக்கிறேன். எனக்கு சிபிஎஃப் இல்லை, அதனால் கையில் கூடுதலாக வருவது போலத் தெரியும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து காஸ்வே நெரிசலில் நிற்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாஸ் அந்த நிறுவனத்தோடு கட்டியிருக்கிறது. மனசு சரியில்லை என்று இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்கு வேறு இடம் போக முடியாது. கியூ மாற்றிக் கேட்டேன், மோசடி விளம்பரங்கள் பார்க்கும் பிரிவு கிடைத்தது. வன்முறைக் கியூவுக்கு இருந்த படி போய்விட்டது. இரவில் தூங்குகிறேன். வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைந்தது என்று மனைவிக்கு இன்னும் வருத்தம். சரியாகத்தான் செய்தேனா என்று எனக்கே தெளிவாகவில்லை.

மல்லிகா, முன்னாள் க்யூஏ

வாசுகி சொன்ன முறை நல்ல முறை. கறுப்பு வெள்ளையில் பார்ப்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் 2019-இல் சோதித்தார்கள், பார்ப்பவர்களின் மனநிலைக்கு அது உதவியது. படத்தை மங்கலாக்குவது அந்த அளவுக்கு உதவவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. என்னவென்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது, கடைசியில் மங்கலை நீக்கி உற்றுப் பார்க்க வேண்டியதாகிறது.

மதிப்பெண் பார்ப்பவளாக நான் கவனித்ததைச் சொல்கிறேன். ஒருவர் சோர்ந்துபோவது அவர் சொல்வதற்கு முன்பே தவறுகளின் போக்கில் தெரியும். தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். சிலர் முன்பு நீக்கியிருக்கக்கூடிய அடிதடியை "இது ஒன்றும் இல்லை" என்று விட ஆரம்பிப்பார்கள். சிலர் முழுதும் பார்க்காமல் எல்லாவற்றையும் நீக்குவார்கள். இரண்டுமே பார்க்க முடியாமல் போவதன் அடையாளம். உங்கள் வாராந்தர அறிக்கையில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் தவறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். என் குழுவில் அப்படித் தெரிந்தால் மதிப்பெண் பேச்சை விட்டுவிட்டு முதலில் கியூவை மாற்றுவேன்.

நேர்காணலில் எல்லோரும் சொல்வார்கள், எங்களிடம் ஆலோசகர் இருக்கிறார், ஓய்வு நேரம் இருக்கிறது என்று. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஓய்வு நிமிடங்களை உற்பத்திக் கணக்கில் இருந்து கழிக்கிறார்களா? கழிக்காவிட்டால், ஆலோசகரிடம் உட்கார்ந்த நேரத்துக்கும் இலக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் யாரும் போக மாட்டார்கள்.

கவிதா, ஆலோசகர்

சுரேஷ், நீங்கள் சொல்லும் வரி 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இருக்கிறது. அதை முழுதாகப் படித்தால், டிவி, படம், மின்னணு வழியாகப் பார்த்தது கணக்கில் வராது, வேலையின் பகுதியாகப் பார்த்தால் தவிர என்று வரும். அந்த விலக்கு இவர்களுக்குப் பொருந்தும். அதற்காக எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை.

கெட்ட கனவு வந்தால்தான் பிரச்சினை என்று பலர் காத்திருக்கிறார்கள். என்னிடம் வருபவர்கள் முதலில் சொல்வது வேறு. வாய்ட் டெக்கில் பிள்ளைகள் கத்தி விளையாடினால் உடல் விறைக்கிறது, சொந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூச்சமாக இருக்கிறது, உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எந்த வீடியோவையும் திறக்க முடியவில்லை. இவை சில வாரங்கள் நீடித்தால் பாலிகிளினிக் மருத்துவரைப் பாருங்கள். 1771 மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. உயிரை விடத் தோன்றினால் உடனே 1767.

தெம்பனிஸ் சுரேஷ்

சரி கவிதா அக்கா, அந்த விலக்கு எனக்குத் தெரியாது. ஆனால் ரகசிய ஒப்பந்தம் இருக்கிறதே, வெளி மருத்துவரிடம் எப்படிப் பேசுவது? நாளைக்கு வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் மனநோய் இருந்ததா என்று கேட்பார்களே?

கவிதா, ஆலோசகர்

மருத்துவருக்குத் தளத்தின் விதிப்புத்தகமோ பயனர் பெயரோ தேவையில்லை. என்ன வகைப் படம், உங்களுக்கு என்ன ஆகிறது, இவ்வளவு போதும். அதற்குள்ளேயே பேசுங்கள். ஒப்பந்த வாசகம் உறுத்தினால் ஒரு சட்ட உதவி மையத்தில் காட்டிக் கேளுங்கள், அதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேலை விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, வேலைக்குத் தொடர்பில்லாமல் மனநிலை பற்றிக் கேட்கக்கூடாது என்று முத்தரப்பு வழிகாட்டி 2020-இலேயே சொல்லிவிட்டது. காப்புறுதி நிறுவனங்கள் கேட்பது தனி விஷயம்.

ஜொகூர் பிரபா

காப்புறுதி பற்றித்தான் நானும் கேட்க நினைத்தேன். நிறுவனத்தின் குழுக் காப்புறுதி மனநல மருத்துவருக்குப் பணம் தந்து, யாருக்காவது உண்மையில் கிடைத்திருக்கிறதா? என்னுடையதில் மருத்துவமனையில் தங்கினால் மட்டும் என்று இருக்கிறது.