ஈஸ் என்பதற்குத் தமிழ்ச்சொல்: தளர்வா, அசைவிடமா?

மலர்க்கொடி, திருமங்கலம்:

அனைவருக்கும் வணக்கம். தையல் பயிற்சிக்கு வரும் பெண்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். பேப்பர் பேட்டர்ன் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். உடம்பில் டேப் வைத்து எடுத்த அளவுக்கும், தைத்து முடித்த உடையின் அளவுக்கும் நடுவில் நாம் வேண்டுமென்றே விடுகிற வித்தியாசம் இருக்கிறதே, அந்த ஈஸ். கடையில் எல்லோரும் "லூஸ்" என்றுதான் சொல்கிறோம், "எத்தனை இன்ச் லூஸ் வைக்க?" என்று. ஆனால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து "லூஸா இருக்கு, பிடிச்சுக் குடுங்க" என்பதும் அதே சொல்தான். "உடம்போடு ஒட்டிய பாடிக்கு 2 முதல் 3 இன்ச் லூஸ்" என்று எழுதினால், ஒட்டியது என்கிறீர்கள், லூஸ் என்கிறீர்கள், எது சரி என்று படிப்பவர் கேட்பார்.

தளர்வு என்று வைக்கலாம் என்பது என் முதல் யோசனை. மார்பளவு 36 உள்ள ஒருவருக்கு ஒட்டிய பாடி என்றால் 2 முதல் 3, ஜாக்கெட் என்றால் 4 முதல் 6, கோட் என்றால் 6 முதல் 8, தொளதொள கோட் என்றால் அதற்கும் மேலே என்று அட்டவணை போட நினைக்கிறேன். சொல்லையும் பாருங்கள், அளவையும் பாருங்கள்.

சரவணன், விருதுநகர்:

தளர்வு நல்ல சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் அக்கா. அட்டவணை மட்டும் வேண்டாம் என்பேன். சதவீதமாகச் சொன்னால் எல்லா உடம்புக்கும் பொருந்தும். ஒட்டிய உடைக்கு நூற்றுக்கு ஏழு, ஜாக்கெட்டுக்கு நூற்றுக்குப் பதினான்கு, கோட்டுக்கு நூற்றுக்கு இருபது. குழந்தை உடைக்கும் பெரியவர் உடைக்கும் ஒரே சூத்திரம், "தளர்வு வீதம்" என்று பெயரும் கொடுத்துவிடலாம்.

பாண்டியம்மாள், மேலூர்:

மலர்க்கொடி, ஜாக்கெட்டுக்கு 4 முதல் 6 இன்ச் என்று போட்டிருக்கிறாய், அதை அச்சில் விட்டுவிடாதே. நான் ஜாக்கெட் மட்டுமே தைக்கிறவள். 36 மார்புக்கு ஒரு இன்ச் விட்டாலே அதிகம் என்பார்கள், பட்டுக்கு வேண்டுமானால் ஒன்று விடுவேன். நான்கு விட்டால் கழுத்து தோளை விட்டு இறங்கிவிடும், கொக்கி போட்ட இடம் பை போல நிற்கும். பிரித்துத் தைக்க உள்ளே விடுகிற துணியைச் சொல்கிறாயா? அது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இன்ச் விடுவது வழக்கம்தான், கல்யாணப் பெண்ணுக்கு இரண்டுகூட விடுவேன்.

ராமசாமி, மதுரை:

பாண்டியம்மா சொன்னதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடும் ரவிக்கை. பேட்டர்ன் புத்தகங்களில் ஜாக்கெட் என்பது சட்டைக்கு மேலே போடுவது. அந்த அட்டவணையை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் நம் பெண்கள் ரவிக்கையை ஐந்து இன்ச் விட்டு வெட்டுவார்கள். ஒன்றை ரவிக்கை என்றும் மற்றதை மேல்ஜாக்கெட் என்றும் எழுதுங்கள்.

உள்ளே விடும் துணி இதில் சேராது. அது தையலுக்கு உட்பக்கம் மடிந்து கிடப்பது, உடம்புக்கு இடம் தருவதில்லை. ஈஸை அளக்க வேண்டுமானால் தையல் கோட்டிலிருந்து தையல் கோடு வரை அளந்து, டார்ட்டுக்குள் போவதைத் தள்ளிவிட்டு, சுற்று முழுக்கக் கூட்டி, அதிலிருந்து உடம்பளவைக் கழிக்க வேண்டும். இன்னொன்று, 2½ இன்ச் என்றால் முழுச் சுற்றுக்கும் சேர்த்து 2½. நாலில் ஒரு பாகம் வரையும்போது அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலேதான் சேரும். கால் பாகத்துக்கே 2½ சேர்த்து வரைந்து, மொத்தம் 10 இன்ச் கூடிப்போன பாடியை நான் பலமுறை பிரித்திருக்கிறேன்.

சரவணன் தம்பி, சதவீதம் ஒரு பங்கு சரி. அழகுக்காக விடுகிற அகலத்தை உடம்புக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கோட்டில் ஈஸின் ஒரு பகுதியைத் துணியின் தடிமனே தின்றுவிடும், அந்தத் தடிமனுக்கு 28 மார்பும் 44 மார்பும் ஒன்றுதான். கணக்கு எளிது. தடிமனை ஆறேகாலால் பெருக்கினால், சுற்றில் எவ்வளவு போகிறது என்று வந்துவிடும். உடம்பு வட்டமாக இல்லையே என்று கேட்கலாம், முட்டை வடிவமாக இருந்தாலும் இதே கணக்குதான். கம்பளித் துணியும் லைனிங்கும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் என்றால் சுமார் 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இன்ச் போச்சு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து 1 சென்டிமீட்டர் ஆனால் 2½ இன்ச் போச்சு.

கொடைக்கானலில் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு வைத்துப் பாருங்கள். மார்பு 36. அவர் போடும் மேல்ஜாக்கெட் 5 இன்ச் ஈஸில் 41. அதன் மேல் போட 8 இன்ச் ஈஸில் கோட் வெட்டுகிறோம், 44. மெல்லிய கம்பளி என்றால் உள்பக்கம் 43¼ மிஞ்சும், ஜாக்கெட்டுக்கு வெளியே 2¼ இன்ச் இருக்கிறது, சௌகரியம். அதே பேட்டர்னில் பஞ்சு வைத்துத் தைத்தால் உள்பக்கம் 41½தான். அரை இன்ச் மிச்சம். பொத்தான் போட்டதும் அதிலிருந்து நாலாபக்கமும் சுருக்கம் இழுக்கும், கையை முன்னால் நீட்டினால் முதுகில் குறுக்கே கோடு விழும். அட்டவணையில் 8 என்று இருக்கிறதே என்று பார்த்தால் ஒன்றும் புரியாது. அந்தக் கோட்டை 46க்கு வெட்ட வேண்டும். பஞ்சு அமுங்கும், ஜாக்கெட்டும் கொஞ்சம் மடிந்து கொடுக்கும், அதனால் கணக்கு தோராயம்தான், ஆனால் இரண்டு இன்ச் தவறு வராது.

சரவணன், விருதுநகர்:

ஐயா, தடிமன் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஒரே சொல் போதாது. மூச்சுவிடவும் உட்காரவும் வேண்டியது ஒன்று, அடுக்குக்கு வேண்டியது ஒன்று, பாணிக்காக விடுவது ஒன்று. முதலாவது அசைவிடம், இரண்டாவது அடுக்கிடம், மூன்றாவது பாணித் தளர்வு. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தளர்வு என்று இருக்கட்டுமா?

செந்தில், திருப்பூர்:

நான் மதுரைக்காரன், வேலை இங்கே பின்னலாடையில். "இடம்" என்று முடிகிற சொற்களைப் பொதுப்பெயராக்கினால் எங்களுக்கு ஒத்துவராது. இழுபடும் பனியன் துணியில் உடையை உடம்பைவிடச் சிறியதாக வெட்டுகிறோம். இடுப்புச் சுற்று 38 உள்ளவருக்கு லெக்கின்ஸ் 34 என்றால், ஈஸ் கழித்தல் 4. கழித்தல் இடம் என்று எப்படிச் சொல்வது? தளர்வு கழித்தல் 4 என்பதும் காதுக்கு இடிக்கிறது, ஆனால் குறைதளர்வு என்றால் ஓரளவு நிற்கிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் கூட்டல், கழித்தல், பூச்சியம் மூன்றுக்கும் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

மலர்க்கொடி, திருமங்கலம்:

பயிற்சிக்கு வருகிறவர்கள் லெக்கின்ஸ் தைப்பதில்லை, ஆனாலும் செந்தில் சொல்வது நியாயம். "அளவு வேறுபாடு" என்று தட்டையாக வைத்தால் மூன்றுக்கும் வளையும், ஆனால் அதை யாரும் வாயில் வைத்துப் பேசமாட்டார்கள். பொதுப்பெயர் தளர்வு, கழித்தலுக்குக் குறைதளர்வு என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன். சரவணன் சொன்ன அசைவிடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எதற்காக விடுகிறோம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் ராமசாமி அண்ணே, கை தூக்க முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு மார்பில் அசைவிடத்தைக் கூட்டினால் போதுமா?

ராமசாமி, மதுரை:

போதாது, பல சமயம் அதனால் இன்னும் கெடும். மார்பைக் கூட்டும்போது கூடவே உடையின் அக்குளையும் இறக்கிவிடுகிறார்கள். அக்குள் கீழே போகப் போக, கையைத் தூக்கினால் உடை முழுக்கச் சேர்ந்து மேலே ஏறும். கண்ணாடி முன் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். கீழ் விளிம்பு நிறைய ஏறினால் அக்குள் தாழ்ந்திருக்கிறது. கை மேல்பகுதியில் பிடித்து, முதுகில் மட்டும் குறுக்கே இழுத்தால் முதுகு அகலம் பத்தவில்லை. ஒட்டிய பாடிக்கு உடையின் அக்குளை உடம்பின் அக்குளிலிருந்து ஒரு இன்ச்சுக்குள் நிறுத்துங்கள், மேல்ஜாக்கெட்டுக்கு ஒன்றரை, கோட்டுக்கு உள்ளே போகும் கைகளுக்காக இரண்டுவரை போகலாம். கூட்டுகிற மார்பளவில் முதுகுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுங்கள், கை முன்னால்தான் அதிகம் போகிறது. அசைவிடம் என்று பெயர் வைத்தால் இதுவும் அதற்குள் வர வேண்டும், வெறும் சுற்றளவாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பாண்டியம்மாள், மேலூர்:

ரவிக்கையில் இவ்வளவு இடம் விடாமலே கை தூக்க முடிகிறதே, அது எப்படி என்று யாரும் எழுதவில்லை. நான் முன்பாகத்தைக் கிராஸில் வெட்டுகிறேன், துணி கோணலாக இழுபட்டுக் கொடுக்கிறது. அதே ரவிக்கையை நேர்கட்டில், கொடுக்காத கனத்த பட்டில் வெட்டினால், ஒரு இன்ச் போதாது, ஒன்றரை விடுவேன். துணி கொடுப்பதும் உங்கள் அசைவிடத்தில் சேருமா?

செந்தில், திருப்பூர்:

எங்கள் பக்கம் துணி கொடுப்பதைத் தனியாக இழுவைச் சதவீதம் என்று குறிக்கிறோம், ஈஸில் சேர்ப்பதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் அளவை முடிவு செய்வோம்.

மலர்க்கொடி, திருமங்கலம்:

அப்படியே செய்கிறேன், துணியின் கொடுப்புக்குத் தனிப் பத்தி. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கையின் தலைப்பகுதி அக்குள் வளைவைவிட ஒன்று, ஒன்றரை இன்ச் நீளமாக இருக்க, அதைச் சுருக்கம் தெரியாமல் அமுக்கித் தைப்பதையும் ஈஸ் என்றே சொல்கிறார்கள். அது உடம்புக்கும் உடைக்கும் உள்ள வித்தியாசம் இல்லை, இரண்டு தையல் கோடுகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். தளர்வு என்று அதற்கு எழுத மாட்டேன்.

சரவணன், விருதுநகர்:

உள்ளமுக்கு? அமுக்கித் தைப்பது என்பதிலிருந்தே எடுக்கலாம்.

ராமசாமி, மதுரை:

நாங்கள் "ஏத்தித் தைக்கிறது" என்போம். கனத்த கம்பளியில் இரண்டு இன்ச்சுக்கு மேல்கூட நீராவியில் ஏறும், மெல்லிய பருத்தியில் அரை இன்ச்சே சிரமம். உள்ளமுக்கு எனக்குக் கனமாகத் தெரிகிறது, ஏற்றம் என்றால் கடையில் உடனே புரியும். பாண்டியம்மா என்ன சொல்கிறீர்கள்?

பாண்டியம்மாள், மேலூர்:

ஏற்றம் என்றால் தோள் ஏற்றத்தோடு குழம்பும். நான் யோசித்து எழுதுகிறேன்.