கிரைண்டர் கழுவும் நடைமுறையைத் திருத்த உதவி வேண்டும்

வணக்கம். கும்பகோணத்தில் இட்லி மாவு தயாரிக்கும் சிறு கூடம் ஒன்றின் தூய்மை நடைமுறையைப் புதிய பணியாளர்களுக்காகத் திருத்தி எழுதிவருகிறேன். பழைய தாளில் "கிரைண்டரை நன்கு கழுவிக் குளோரின் நீர் ஊற்றவும்" என்று ஒரே வரிதான் உள்ளது. மாவு ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும் என்பதால், வரிசை மாறினால் வேலையே வீண்.

எனவே இப்படிப் பிரித்தேன்: பிளக்கைக் கழற்றவும், கல்லை வெளியே எடுக்கவும், மாவை வழித்தெடுக்கவும், சோப்புக் கரைசலால் தேய்க்கவும், நுரை போகும்வரை அலசவும், நடுத்தண்டின் அடியை டார்ச் அடித்துப் பார்க்கவும், 10 லிட்டர் நீரில் 5 சதவீத ஹைப்போகுளோரைட் 40 மி.லி. கலந்து, சோதனைத் தாள் 200 பிபிஎம் காட்டிய பின்பே ஊற்றவும். துணியால் துடைக்காமல் காயவிடவும்.

என் சிக்கல் டார்ச் படியில்தான் இருக்கிறது. வெள்ளை மாவுப் படலம் ஈரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்ந்த பிறகே வெளுப்பாகத் தெரிகிறது, அதற்குள் குளோரின் ஊற்றியாகிவிடுகிறது. விரலால் தடவி வழுவழுப்பைப் பார்க்கச் சொல்வது போதுமா? படலம் இருந்தால் தேய்க்கும் படிக்கே திரும்ப வேண்டும் என்பதைப் புதியவர் குழம்பாதபடி ஒரே வரியில் எப்படி எழுதுவது? இத்தகைய கூடங்களில் பணியாற்றும் உறுப்பினர்கள் தாங்கள் பயன்படுத்தும் வாசகத்தை இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.