குளிர் இடைவெளியோடு வேலை அட்டவணை: சூத்திரத்தை நம்பலாமா?

மதி_நிரல்

A மூன்று, B மூன்று, ஆக 6 வேலைகள். ஒரே வேலை மறுபடி வருவதற்கு முன் நடுவில் குறைந்தது 2 அலகு போக வேண்டும், அதாவது n = 2. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அலகு நேரம். எல்லாவற்றையும் முடிக்கக் குறைந்தது எத்தனை அலகு ஆகும் என்பதுதான் கேள்வி. விடை 8 என்று தெரியும்: A B _ A B _ A B. இதில் _ என்பது சும்மா இருக்கும் அலகு. எல்லோரும் தருகிற சூத்திரம் இது:

```python
from collections import Counter

def least(tasks, n):
    c = Counter(tasks)
    m = max(c.values())
    k = list(c.values()).count(m)
    return max(len(tasks), (m-1)*(n+1) + k)
```

உள்ளே இருக்கும் `len(tasks)`தான் எனக்கு உறுத்துகிறது. வேலைகள் நிறைய இருந்தால் ஓர் அலகுகூட வீணாகாமல் அடுக்கிவிடலாம் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஹீப்_ரசிகன்

உத்தரவாதம் வேண்டுமென்றால் சூத்திரத்தை விட்டுவிட்டு ஹீப் போடுங்கள். ஒவ்வொரு அலகிலும், இடைவெளி முடிந்த வேலைகளில் எது அதிகம் மிச்சமோ அதை எடுத்து ஓட்டுங்கள். எதுவும் தயாராக இல்லையென்றால் சும்மா இருங்கள். கடைசியில் எத்தனை அலகு ஆனதோ அதுதான் விடை. நேர்முகத் தேர்வில் சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, "ஏன்?" என்று கேட்டதும் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கயல்_வ

ஹீப்பிடமும் அதே "ஏன்?" கேட்கலாமே. அதிகம் மிச்சமிருப்பதை முதலில் எடுத்தால் மொத்த நேரம் குறையும் என்பதும் நிரூபிக்க வேண்டிய விஷயம்தான். அந்த விதி இல்லாமல், தயாராக இருப்பதில் ஏதோ ஒன்றை எடுத்தால் கெட்டுவிடும். A ஒன்று, B ஒன்று, C மூன்று, n = 1 என்று வையுங்கள். அகரவரிசையில் எடுத்தால் A B C _ C _ C, 7 அலகு. C A C B C என்று போனால் 5.

மதியின் கேள்விக்கு வருவோம். விடை இதற்குக் கீழே போகாது என்பது எளிது. m தடவை வரும் வேலைகள் k இருக்கின்றன. அவற்றில் கடைசியாகத் தொடங்குவது எதுவானாலும், அது k-ஆவது அலகுக்கு முன்னால் தொடங்க முடியாது. அங்கிருந்து அதன் கடைசி முறைக்குப் போக இன்னும் (m-1)*(n+1) அலகாவது ஆகும். இரண்டையும் கூட்டினால் சூத்திரத்தின் அந்தப் பகுதி வந்துவிடும். வேலைகளின் எண்ணிக்கைக்குக் கீழேயும் போக முடியாது. ஆக இரண்டில் பெரியது ஒரு கீழ்வரம்பு. அந்த வரம்பைத் தொட முடியுமா என்பதுதான் நிஜக் கேள்வி, அதற்கு அட்டவணையைக் கட்டிக் காட்ட வேண்டும்.

சிவா07

சூத்திரம் தப்பு என்று நினைக்கிறேன். என் ஸ்கிரிப்ட் ஒரு சர்வரைக் கூப்பிடுகிறது, ஒரே முகவரியை அடுத்தடுத்து கூப்பிட விடமாட்டார்கள். A A B B, n = 2. ஓட்டிப் பார்த்தால் 8 அலகு ஆகிறது. சூத்திரம் 5 என்கிறது.

கயல்_வ

சிவா, உங்கள் ஸ்கிரிப்ட் பட்டியலில் உள்ள வரிசை மாறாமல் ஓடுகிறது, இல்லையா? A _ _ A B _ _ B, அதனால் 8. இங்கே வரிசையை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்: A B _ A B, 5. வரிசை மாறக்கூடாது என்றால் எது எத்தனை தடவை வருகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வேலையும் கடைசியாக ஓடிய நேரத்தைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். அது வேறு கணக்கு.

ஹீப்_ரசிகன்

சரி, கட்டிக் காட்டுவதும் சுலபம்தானே. m-1 வரிகள் போடு, ஒவ்வொன்றிலும் n+1 இடம். m தடவை வருபவற்றை ஒவ்வொரு வரியின் முதலிலும் வை, அவற்றின் கடைசி முறையை எல்லா வரிக்கும் கீழே வை. மற்றதையெல்லாம் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போ. m-க்குக் குறைவாக வரும் எதுவும் ஒரே வரியில் இரண்டு தடவை விழாது. முடிந்தது. இதற்கு இவ்வளவு பேச்சா?

கயல்_வ

முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியில்தான் ஆபத்து. A மூன்று, B ஒன்று, C இரண்டு, D ஒன்று, n = 2 என்று எடுங்கள். மொத்தம் 7 வேலை, சூத்திரமும் 7. நீங்கள் சொன்னபடி B, C, D வரிசையில் மேலிருந்து கீழாக நிரப்பினால்:

```
A B C
A C D
A
```

வரிசையாகப் படித்தால் A B C A C D A. இரண்டு C-க்கும் நடுவில் ஒரே ஓர் அலகுதான். ஒரே வரியில் இரண்டு தடவை வராவிட்டாலும் விதி உடைந்துவிட்டது. முதல் வரியில் C மூன்றாம் இடத்திலும், அடுத்த வரியில் இரண்டாம் இடத்திலும் விழுந்ததால் தூரம் ஒன்று குறைந்தது.

இப்போது கீழிருந்து மேலாக நிரப்புங்கள்:

```
A C D
A B C
A
```

A C D A B C A. இரண்டு C-க்கும் நடுவில் மூன்று அலகு. ஒரு வேலையின் பிரதிகள் ஒரு நெடுக்கை முடித்து அடுத்ததற்குத் தாவும்போது, கீழ் வரியில் இருப்பது வலது பக்கம்தான் தள்ளிப் போகும். அதனால் தூரம் கூடுமே தவிரக் குறையாது.

மதி_நிரல்

அடடா, திசையில் இவ்வளவு இருக்கிறதா! அப்போது இடங்கள் போதாமல் வேலைகள் நிரம்பி வழிந்தால்?

கயல்_வ

வழியட்டும், அங்கேதான் `len(tasks)` வருகிறது. A மூன்று, B மூன்று, C இரண்டு, D இரண்டு, n = 2. மொத்தம் 10, சூத்திரத்தின் இரண்டாம் பகுதி 8. அதே முறையில் நிரப்பினால் A B C D, A B C D, A B. வரிக்கு மூன்று இடம் என்று வைத்தது நான்காகிவிட்டது. வரி நீண்டால் ஒரே நெடுக்கில் இருப்பவை இன்னும் விலகிப் போகும், விதி எங்கும் உடையாது. வெற்றிடமும் இல்லை. ஆகவே 10.

ஹீப்_ரசிகன்

எண்ணிக்கை இறங்கும் வரிசையில் அடுக்கிவிட்டு மேலிருந்து நிரப்பினாலும் சரியாக வரும். சோதித்துவிட்டேன்.

கயல்_வ

வரும். m-1 தடவை வருபவை முதலில் ஆளுக்கொரு முழு நெடுக்கை அடைத்துவிடும். அதைவிடக் குறைவாக வருபவை தாவும்போது நடுவில் ஒரு வரியாவது இடைவெளி விழும். கீழிருந்து நிரப்பினால் அந்த அடுக்கலே வேண்டாம்.

ஹீப்பை நான் குறை சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே புது வேலை வந்தால் சூத்திரம் கைவிரித்துவிடும், ஹீப் வந்ததைச் சேர்த்துக்கொண்டு போகும். ஆனால் அலகு அலகாக நகர்த்தாதீர்கள். ஒரே வேலை 10,000 தடவை, n = 100 என்றால் 10,09,900 அலகு, அதில் பெரும்பாலும் சும்மா நிற்பதுதான்.

ஹீப்_ரசிகன்

அடுத்தது தயாராகும் நேரத்துக்கு நேராகத் தாவினால் அந்தச் செலவு இல்லை. சரி, வேலைக்கு வேலை இடைவெளி வேறு என்றால்? ஒவ்வொன்றும் வரும் தடவை f, அதன் இடைவெளி g என்று வைத்து (f-1)*(g+1)+1 போட்டு, அவற்றிலும் மொத்த எண்ணிக்கையிலும் பெரியதை எடுத்தால் போதுமே?

கயல்_வ

போதாது. A மூன்று, இடைவெளி 1. B இரண்டு, இடைவெளி 2. A-க்கு 5, B-க்கு 4, மொத்த வேலை 5. உங்கள் கணக்கில் விடை 5. ஐந்தே அலகு என்றால் A-வுக்கு 1, 3, 5-ஐத் தவிர வேறு வழியில்லை. B-க்கு மிஞ்சுவது 2, 4, அவற்றுக்கு நடுவில் ஓர் அலகுதான். A B A _ A B, 6 ஆகிவிடும்.

ஹீப்_ரசிகன்

ஓர் எடுத்துக்காட்டு விழுந்ததற்காக மொத்தத்தையும் தூக்கிப்போட மாட்டேன். உங்கள் எடுத்துக்காட்டுக்கு ஹீப்பை ஓட்டினால் 6 தானே வருகிறது? அதையே ஓட்டிக்கொள்கிறேன்.

கயல்_வ

இதில் 6 வருகிறது, சரி. இடைவெளிகள் வேறுபட்டால் "அதிகம் மிச்சம்" என்பதுதான் எப்போதும் சரியான முன்னுரிமையா என்றுதான் கேட்கிறேன். மேலே வரி வரியாகக் கட்டியது எல்லாவற்றுக்கும் ஒரே n என்பதால்தான் நின்றது.

சிவா07

என் முகவரிகளுக்கும் இடைவெளி வேறு வேறு. வரிசையை மாற்ற விட்டால் நான் எதை எழுதுவது, அதைச் சொல்லுங்கள்.