ரெஸ்டாரன்ட் வாடகைதாரருக்குச் சமையல் வாடை பற்றிக் கடிதம் எழுத வேண்டும், வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

நாலுகடை எழுதியது:

எனக்குச் சொந்தமான ஒரே கட்டடத்தில் தரைத்தளத்தில் நாலு யூனிட். நடுவில் ஒரு ரெஸ்டாரன்ட், ஆறு வருஷமாக இருக்கிறார்கள், வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. வலது பக்கம் பல் மருத்துவமனை, இடது பக்கம் துணிக்கடை, கோடியில் ஒரு அலுவலகம். மூன்று மாதமாகப் பல் டாக்டரும் துணிக்கடைக்காரரும் மாறி மாறி போன் செய்கிறார்கள். எண்ணெய் வாடை தாங்கவில்லை, நோயாளிகள் முகம் சுளிக்கிறார்கள், துணியெல்லாம் பொரித்த வாசனை என்று. துணிக்கடைக்காரர் இனி வாடகையைக் குறைத்துத்தான் தருவேன் என்றும் சொல்லிவிட்டார்.

ரெஸ்டாரன்ட்காரரிடம் வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று, "ஃபில்டர் கழுவிட்டோம் சார்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் எழுத்தில் கொடுக்கலாம் என்று இதை எழுதி வைத்திருக்கிறேன்:

"உங்கள் சமையலறையிலிருந்து வரும் நாற்றத்தால் மற்ற வாடகைதாரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளனர். 7 நாட்களுக்குள் எக்ஸாஸ்டில் கார்பன் ஃபில்டர் பொருத்த வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்து செய்யப்படும்."

இது போதுமா? அனுப்பிவிடலாமா?

அடுப்படி எழுதியது:

பயப்படாதீங்க. எனக்கும் ஓனர் இப்படி ஒரு லெட்டர் கொடுத்தார். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கழுவிய பில், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் நகல் எடுத்து இணைத்துக் கொடுங்கள். ஏழு நாளில் ரத்து என்பதெல்லாம் சும்மா மிரட்டல்.

நாலுகடை எழுதியது:

சார், நான்தான் ஓனர். கடிதம் கொடுக்கப்போவதே நான்தான் :)

அடுப்படி எழுதியது:

அட, தப்பாகப் படித்துவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், வாங்குகிற பக்கம் இருந்தவன் என்பதால். "நாற்றம்" என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குக் கோபம்தான் வந்தது, மீதியைச் சரியாகப் படிக்கவேயில்லை.

வெள்ளெருக்கு எழுதியது:

கார்பன் ஃபில்டர் சரியான யோசனைதான். ஹூடில் இருக்கிற தகடு ஃபில்டர் எண்ணெயை மட்டும்தான் பிடிக்கும், வாடை என்பது ஆவி, அது அப்படியே தாண்டிப் போய்விடும். கார்பன்தான் அதை உறிஞ்சும். அதைக் கட்டாயமாக்குங்கள். வேறு வழியே இல்லை.

புகைக்கூண்டு எழுதியது:

நான் சமையலறை டக்ட், ஃபேன் வேலை பார்ப்பவன். வெள்ளெருக்கு சொன்ன முதல் பாதி சரி, தகடு ஃபில்டரால் வாடையைப் பிடிக்க முடியாது. ஆனால் இருக்கிற டக்டில் கார்பனைச் செருகினால் இரண்டு விஷயம் நடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு கார்பன் மேல் படிந்து அதை மூடிவிடும், அதனால் அதற்கு முன்னால் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கத் தனியாக ஒரு ஃபில்டர் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து காற்றை அடைக்கும், பழைய ஃபேன் அந்தத் தடையைத் தாண்டி இழுக்காது. அப்புறம் ஹூடின் முன்விளிம்பிலிருந்து புகை சமையலறைக்குள்ளேயே வழியும். வாடை கூரைக்குப் போவதற்குப் பதில் கட்டடத்துக்குள் சுற்றும். ஃபேனையும் மாற்றினால்தான் கார்பன் வேலை செய்யும்.

கடிதத்தை ஓரமாக வையுங்கள். எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும்: எந்த யூனிட்டில் எத்தனை மணிக்கு வாடை வருகிறது, எங்கிருந்து வருகிறது (ஏசி கிரில்லா, சுவரோரமா, வாசலா), எக்ஸாஸ்ட் ஃபேன் சமையலறைக்குள் இருக்கிறதா, கூரையிலா.

ஒருவழி எழுதியது:

கிரீஸ் ட்ராப்பைப் பார்த்தீர்களா? எங்கள் கட்டடத்தில் இதே பிரச்சினை, ஒரு வருஷம் ஃபேனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், கடைசியில் கிரீஸ் ட்ராப் மூடி சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

நாலுகடை எழுதியது:

கிரீஸ் ட்ராப் வாடை அழுகல் மாதிரி இருக்கும் இல்லையா, இது அப்படி இல்லை, சுத்தமான பொரித்த எண்ணெய் வாடை. இருந்தாலும் பார்க்கச் சொல்கிறேன்.

புகைக்கூண்டு சார், நேற்று இரண்டு பேரிடமும் உட்கார்ந்து விசாரித்தேன். விசாரித்த பிறகுதான் இரண்டும் வேறு வேறு கதை என்று தெரிந்தது. டாக்டருக்கு வாடை மதியம் 12 முதல் 2 வரை, மாலை 7க்கு மேல். கூரை கிரில்லிலிருந்து வருகிறது, ஏசியை நிறுத்தினால் குறைகிறது. துணிக்கடைக்காரருக்கோ மதியம் ஒன்றுமே இல்லை. காலையில் கடை திறக்கும்போது பொதுச் சுவரோரம் அப்பிக்கொண்டிருக்கிறது, 9 மணி வாக்கில் இன்னும் கூடுகிறது, 11க்கு மேல் தானாகக் குறைந்துவிடுகிறது. ஃபேன் மொட்டை மாடியில்தான் இருக்கிறது.

புகைக்கூண்டு எழுதியது:

ஃபேன் மாடியில் என்றால் ஒரு சந்தேகம் தீர்ந்தது. ஃபேன் கீழே இருந்தால் அதற்கு மேலே உள்ள டக்ட் முழுக்கக் காற்று அழுத்தத்தில் இருக்கும், ஜாயின்ட் விட்டிருந்தால் ஃபால்ஸ் சீலிங்குக்குள் புகையைக் கக்கும். மாடியில் இருந்தால் டக்ட் உறிஞ்சும் நிலையில் இருக்கும், ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும்.

டாக்டர் கேஸ்: பரபரப்பாகச் சமைக்கிற நேரத்தில், ஏசி கிரில் வழியாக. மாடிக்குப் போய் ரெஸ்டாரன்ட் எக்ஸாஸ்ட் வாய்க்கும் அவருடைய ஏசி வெளிக்காற்றை இழுக்கிற வாய்க்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளங்கள். 10 அடிக்கும் குறைவாக இருந்தால் அங்கேதான் பிரச்சினை. எக்ஸாஸ்ட் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். மழைக்குப் பயந்து குடை மாதிரி மூடி போட்டிருப்பார்கள், அது புகையைக் கீழ்நோக்கித் திருப்பிக் கூரையிலேயே பரப்பும். நேராக மேலே வேகமாகத் தள்ளினால்தான் கலைந்து போகும்.

துணிக்கடை கேஸ் இன்னும் சுவாரசியம். எக்ஸாஸ்ட் நன்றாக ஓடும்போது ரெஸ்டாரன்ட் பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்கும், வாடை சுவர் தாண்டாது. அதனால்தான் மதியம் ஒன்றுமில்லை. காலையில் வருகிறது என்றால் அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஓடவில்லை, அல்லது வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற ஃபேன் மட்டும் ஓடுகிறது. ரெஸ்டாரன்ட் வாசல் கதவை நாலு விரல் அகலம் திறந்து, மெல்லிய டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் சாய்ந்தால் நல்லது. வெளிப்பக்கம் பறந்தால் கடை ஊதிய பலூன் மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். காலை 9க்கும் மதியம் 1க்கும் பாருங்கள். பொதுச் சுவர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஸ்லாப் வரை போகிறதா என்றும் ஒரு டைலைத் தூக்கிப் பாருங்கள்.

நாலுகடை எழுதியது:

பார்த்தேன். ரெஸ்டாரன்ட்காரரே கூட வந்தார், நல்ல மனுஷன்தான்.

மாடியில் தூரம் ஆறரை அடி. எக்ஸாஸ்ட் வாயில் நீங்கள் சொன்ன அதே குடை மூடி, சுற்றிலும் தரை எண்ணெய்ப் பிசுக்கு. பேப்பர் மதியம் உள்ளே சாய்ந்தது. காலை 9க்கு வெளியே பறந்தது! விசாரித்தால், காலையில் வேலைக்கு வருகிற பையன்கள் புழுக்கமாக இருக்கிறது என்று வெளிக்காற்று ஃபேனை மட்டும் போட்டுக்கொண்டு எண்ணெய் காய வைக்கிறார்களாம், எக்ஸாஸ்ட் சத்தம் தாங்கவில்லை என்று 11 மணிக்குத்தான் போடுவார்களாம். இரவு கடை மூடியதும் எண்ணெய் ஆறும் முன்பே எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, எனக்கே வெட்கமாக இருக்கிறது, பொதுச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டது. மேலே ஒன்றரை அடி திறந்தே கிடக்கிறது. கட்டியது நான்.

குத்தகைச்சீட்டு எழுதியது:

கட்டட நிர்வாகம் பார்ப்பவள். முதல் வரைவை நீங்கள் அனுப்பாதது நல்லதாகப் போயிற்று. "கார்பன் ஃபில்டர் பொருத்து" என்று எழுதிக் கொடுத்து, அவர் பொருத்தி, வாடை போகவில்லை என்றால் "நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன்" என்பார், அதற்கு மேல் உங்களால் வாய் திறக்க முடியாது. எந்தச் சாமான் என்று கடிதத்தில் சொல்லாதீர்கள், என்ன நிலை வர வேண்டும் என்று சொல்லுங்கள். ரத்து பற்றிய மிரட்டலும் வேண்டாம். உங்கள் அக்ரிமென்ட்டில் குறையைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்று இருக்கும், அதற்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு ரத்து என்று எழுதினால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். இப்படி எழுதிப் பாருங்கள், எண்களை உங்கள் அக்ரிமென்ட்டைப் பார்த்து நிரப்புங்கள்:

"அருகிலுள்ள இரு யூனிட்களிலிருந்து சமையல் வாடை குறித்து வந்த புகார்களின் தேதி, நேரம், இடம் ஆகியவை இணைப்பில் உள்ளன. நாம் இருவரும் சேர்ந்து பார்த்ததில், காலை வேளையில் எக்ஸாஸ்ட் ஓடாமல் வெளிக்காற்று ஃபேன் மட்டும் ஓடுவதும், மாடியில் எக்ஸாஸ்ட் காற்று கீழ்நோக்கித் திரும்புவதும் தெரியவந்தது. ஒப்பந்தத்தின் __ஆவது பிரிவின்படி எக்ஸாஸ்ட் அமைப்பைப் பராமரிப்பது தங்கள் பொறுப்பு. எக்ஸாஸ்ட் ஓடாமல் வெளிக்காற்று ஃபேன் ஓடாதபடி இணைப்பு செய்யவும், சமைப்பதற்கு முன்பிருந்து எண்ணெய் ஆறும் வரை எக்ஸாஸ்டை ஓடவிடவும், மாடி வாயை மேல்நோக்கித் திறக்குமாறு மாற்றவும், டக்ட் கடைசியாகச் சுத்தம் செய்யப்பட்ட அறிக்கையின் நகலை அனுப்பவும் __ நாட்களுக்குள் ஏற்பாடு செய்யக் கோருகிறேன். பொதுச் சுவரின் மேற்பகுதியை என் செலவில் மூடுகிறேன். அதன் பின் சேர்ந்து மறுபடி பார்வையிடுவோம். இக்கடிதத்தால் ஒப்பந்தத்தில் எனக்குள்ள உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை."

அக்ரிமென்ட்டில் நோட்டீஸ் எந்த முகவரிக்கு, எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். அப்படியே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் அது பேச்சாகத்தான் போகும்.

வெள்ளெருக்கு எழுதியது:

சுவர் குறையை நீங்களே கடிதத்தில் ஒப்புக்கொண்டால் துணிக்கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வாடகையைக் குறைக்க மாட்டாரா?

குத்தகைச்சீட்டு எழுதியது:

பிடிக்கலாம். அதனால் அந்த வரியை எடுத்துவிட்டு, சுவரைச் சத்தமில்லாமல் மூடிவிடுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ரெஸ்டாரன்ட்காரர் ஏற்கெனவே தன் கண்ணால் பார்த்துவிட்டார். உங்கள் வக்கீலிடம் அந்த ஒரு வரியை மட்டுமாவது காட்டுங்கள்.

புகைக்கூண்டு எழுதியது:

சுவரை மூடும்போது ஒன்று. வெறும் ஜிப்சம் பலகை வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள், சமையலறைச் சுவர் என்பதால் தீ தாங்குகிற பலகை, பைப்பும் வயரும் போகிற ஓட்டைகளைச் சுற்றித் தீத்தடுப்பு சீலன்ட். வாடை போவதே அந்தச் சின்ன ஓட்டைகளில்தான்.

குடையை எடுத்த பிறகும் ஆறரை அடி ஆறரை அடிதான். பாதி குறையும், முழுக்கப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். எக்ஸாஸ்டை உயர்த்த வேண்டும் அல்லது டாக்டரின் ஏசி வாயைத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டில் எது முதலில் வந்தது?

நாலுகடை எழுதியது:

ரெஸ்டாரன்ட் எக்ஸாஸ்ட் ஆறு வருஷம், வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட்டது. டாக்டர் வந்து இரண்டு வருஷம்தான். அவருடைய ஏசி ஆள் "இங்கே வைக்கட்டுமா சார்" என்று கேட்டபோது சரி என்று தலையாட்டியதும் நான்தான்.

கடிதத்தை நாளைக்கு அனுப்புகிறேன், மாடி தூரத்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.